கல்லாவில் முடிந்த கணக்கு

"தம்பி, பில் எங்கே?" என்றார் சார்.
"அவர் அப்பவே கட்டிட்டாரு சார்" என்றார் சர்வர்.

கை கழுவப் போனபோதே கல்லாவில் கொடுத்துவிட்டேன். பில் மேசைக்கு வந்தால் பெரியவர்கள் விடமாட்டார்கள். வேலை தேடுவது பற்றி யோசனை கேட்க சாரை அழைத்தவன் நான்தானே?
"அடுத்த தடவை நான்தான்" என்று முறைத்தார். சரி, அடுத்த தடவை உண்டு!

கடை அவர் ஆபீசுக்கு அடுத்த தெரு. மூன்றரை மணி, சாப்பாட்டுக் கூட்டம் வடிந்து, டிபன் கூட்டம் இன்னும் சேராத நேரம். கத்திப் பேச வேண்டியதில்லை.

காபியை டபராவில் ஆற்றும்வரை அவருடைய பழைய கதைகளைத்தான் கேட்டேன். அப்புறம், "என் இடத்துல இருந்தா முதல்ல யாரைப் பார்ப்பீங்க சார்?"

வேலை இருக்கிறதா என்று கேட்டிருந்தால், "பார்க்கலாம்ப்பா" என்று முடித்திருப்பார். இதற்கு இரண்டு பெயர் சொன்னார். ஒருவருக்கு அங்கேயே போன் போட்டார்.