பொதுக் கணினியில் ஒரு ஃபோல்டரைப் பூட்டிய அனுபவம்

எங்கள் வீட்டுக் கணினியை நான்கு பேர் பயன்படுத்துகிறோம். ஆளுக்கொரு பயனர் கணக்கு உண்டு. ஆனால் தம்பியின் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு என்பதால், அவன் நினைத்தால் யாருடைய ஃபோல்டருக்குள்ளும் போகலாம். என் மருத்துவ அறிக்கைகளும் வங்கி ஆவணங்களும் யார் கண்ணிலும் படக்கூடாது என்று நினைத்தேன். புதிதாக எந்த மென்பொருளையும் நிறுவாமல், விண்டோஸிலேயே இருக்கும் இஎஃப்எஸ் குறியாக்கத்தை எடுத்துக்கொண்டேன். அது விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. ஹோம் பதிப்பில் கிடைக்காது, ப்ரோ வேண்டும். டிஸ்க் NTFS வடிவத்தில் இருக்க வேண்டும்.

பூட்டுவது எளிது. ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து Properties போய், Advanced பொத்தானை அழுத்தி, Encrypt contents to secure data என்பதை டிக் செய்தால் போதும். தனித்தனிக் கோப்பாகப் பூட்டாமல் முழு ஃபோல்டரையும் பூட்டச் சொல்வேன். வேர்டு போன்ற நிரல்கள் வேலை நடக்கும்போது அதே ஃபோல்டரில் தற்காலிகக் கோப்புகளை உருவாக்கும். ஃபோல்டரே பூட்டியிருந்தால் அவையும் சேர்ந்து பூட்டப்படும்.

அப்புறம் தம்பியை அவன் கணக்கில் நுழைந்து திறந்து பார்க்கச் சொன்னேன். ஃபோல்டர் திறந்தது. கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன! ஒரு கோப்பைத் திறக்கப் போனபோதுதான் அனுமதி இல்லை என்று செய்தி வந்தது. இஎஃப்எஸ் மறைப்பது உள்ளடக்கத்தை மட்டுமே. பெயர், அளவு, தேதி எல்லாம் வெளியே தெரியும். பரிசோதனையின் பெயரையே கோப்பின் பெயராக வைத்திருந்தால் பாதி ரகசியம் அங்கேயே போய்விடும். அதனால் எல்லாவற்றுக்கும் வெறும் எண்களைப் பெயராக வைத்தேன். அவனால் படிக்க முடியாதே தவிர, அந்தக் கோப்புகளை அழிக்க முடியும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இதில் முக்கியமான விஷயம் சாவி எங்கே இருக்கிறது என்பது. ஃபோல்டருக்கென்று தனிக் கடவுச்சொல் எதுவும் கேட்கப்படுவதில்லை. என் கணக்கில் ஒரு சான்றிதழும் அதற்கான தனிச்சாவியும் உருவாகின்றன. அந்தச் சாவியைக் காப்பது என் உள்நுழைவுக் கடவுச்சொல். பழைய கடவுச்சொல்லைக் கொடுத்து நானே புதியதுக்கு மாற்றினால் சிக்கல் இல்லை. நான் மறந்துபோய், தம்பி தன் கணக்கிலிருந்து என் கடவுச்சொல்லை ரீசெட் செய்தால், என் கணக்கு திறக்கும், கோப்புகள் திறக்காது. அட்மினிஸ்ட்ரேட்டரைத் தடுக்கும் அதே ஏற்பாடு அந்த நேரத்தில் என்னையும் தடுத்துவிடும். விண்டோஸை மறுபடி நிறுவினாலும் இதே கதிதான்.

ஆகவே சாவியின் நகலை வெளியே எடுப்பதை இந்த வேலையின் பாதியாகவே கருதுகிறேன். கமாண்ட் பிராம்ப்ட்டில் இதை அடித்தேன்:

```
cipher /x D:\saavi
```

அது ஒரு கடவுச்சொல்லைக் கேட்டு, .pfx கோப்பு ஒன்றை உருவாக்கியது. அதைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு, கணினியிலிருந்து நீக்கினேன். கணினியிலேயே விட்டிருந்தால், பூட்டின் பக்கத்திலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி.

நகல் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் நிம்மதி வராது. ஒரு சோதனைக் கோப்பைப் பூட்டி, NTFS வடிவத்தில் இருந்த வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, ப்ரோ பதிப்பு இருந்த என் அலுவல் மடிக்கணினியில் செருகினேன். கோப்பு திறக்கவில்லை. .pfx கோப்பை இரட்டைக் கிளிக் செய்து கடவுச்சொல்லைக் கொடுத்ததும் திறந்தது. சோதனை முடிந்ததும் certmgr.msc போய், அங்கே நிறுவிய சான்றிதழை நீக்கினேன்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஏற்கெனவே இருந்த கோப்பைப் பூட்டும்போது, அதன் பழைய, பூட்டாத வடிவத்தின் மிச்சங்கள் டிஸ்கின் காலி இடத்தில் தங்கியிருக்கலாம். மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் அதைத் தோண்டி எடுக்க வாய்ப்புண்டு. அந்தக் காலி இடத்தைத் துடைக்க ஒரு கட்டளை இருக்கிறது:

```
cipher /w:D:\
```

காலி இடம் முழுவதையும் மூன்று முறை எழுதித் துடைப்பதால் நேரம் நன்றாகவே இழுக்கும். சாதாரண ஹார்ட் டிஸ்கில் இதை நம்பலாம். எஸ்எஸ்டியில் அதே உறுதி கிடையாது.

நான் உள்நுழைந்திருக்கும் வரை கோப்புகள் எனக்குப் பூட்டே இல்லாதது போல் திறக்கும். வசதிதான், ஆனால் நான் எழுந்துபோன பிறகு அதே நாற்காலியில் உட்காருபவருக்கும் அப்படியே திறக்கும். மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினாலும் பூட்டு கூடவே போகாது. பெறுபவருக்குச் சாதாரணக் கோப்பாகவே போய்ச் சேரும். சரி, முதலாவதற்கு வழி இருக்கிறது: இடத்தை விட்டு எழும்போது விண்டோஸ் விசையையும் L விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டிவிடுகிறேன். இரண்டாவதற்கு, அனுப்பவேண்டிய ஆவணத்தைத் தனிக் கடவுச்சொல் போட்ட பிடிஎஃப் ஆக்கி, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்கிறேன்.