ஜீவாமிர்தத்தை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்வோருக்கு

வேளாண் நுண்ணுயிரியல் முதுகலைப் படிப்பில் நான் ஜீவாமிர்தத்தை ஆய்வுப் பொருளாக எடுத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் என் ஆய்வேட்டை இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு, "ஜீவாமிர்தம் ஊற்றிய தொட்டியை வெறும் தண்ணீர் ஊற்றிய தொட்டியோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். செடி நன்றாக வளர்ந்தது உயிருள்ள நுண்ணுயிரிகளாலா, சாணத்திலும் கோமியத்திலும் மாவிலும் இருந்த சத்தாலா என்று எப்படிப் பிரித்தீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இதே தலைப்பை எடுக்கும் மாணவர்கள் அந்தக் கேள்விக்கு முதல் நாளிலிருந்தே தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு ஏக்கருக்கான வழக்கமான அளவு இது: 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ புதிய சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பிலிருந்து ஒரு கைப்பிடி மண். இயற்கை வேளாண் முறையின் ஒரு பகுதியாகச் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய செய்முறை இதுதான். பீப்பாயை நிழலில் வைத்து, சாக்கால் மூடி, காலையும் மாலையும் கலக்கி, இரண்டு நாள் கழித்துப் பாசன நீரோடு விடுவார்கள். முதல் நாள் சாண நாற்றமே மேலோங்கும். இரண்டாம் நாள் மேலே நுரை கட்டிப் புளித்த மணம் வரும். ஒரு வாரம் கலக்காமல் விட்டால் புளிப்பு மறைந்து அழுகல் நாற்றம் எழும். அடியில் காற்று போகாமல் வேறு வகை நுண்ணுயிரிகள் ஆதிக்கம் பெற்றுவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம்.

சாணத்தில் இருக்கும் நுண்ணுயிரிகள் அப்படியே பெருகி வயலுக்குப் போகின்றன என்று பலரும் எழுதுகிறார்கள். படிக்கும்போது இங்கேதான் நிதானிக்க வேண்டும். மாட்டின் வயிறும் குடலும் காற்றில்லாத இடங்கள்; அங்கு வாழ்பவற்றில் பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டால் தாங்காதவை. பீப்பாயில் நாம் கலக்கக் கலக்கக் காற்று சேர்கிறது, வெல்லத்தின் சர்க்கரை கரைந்து கிடக்கிறது. ஆகவே அங்கே முன்னேறுபவை சர்க்கரையை வேகமாகத் தின்னக்கூடிய, காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடிய லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், ஈஸ்டுகள், பேசில்லஸ் இனங்கள், குடல் பாக்டீரியாக்கள் ஆகியவையே. இவை உண்டாக்கும் அமிலம் கரைசலைப் புளிக்க வைக்கிறது. கோமியத்தின் யூரியா சிதைந்து வரும் அம்மோனியா அதை எதிர்த்திசையில் இழுக்கிறது. எந்த நாளில் எது வெல்லும் என்பது வெல்லமும் கோமியமும் எந்த விகிதத்தில் சேர்ந்தன என்பதையும் வெப்பநிலையையும் பொறுத்தது. அதனால் ஒரு பீப்பாயில் கிடைத்த எண்ணிக்கையை ஜீவாமிர்தம் என்ற பெயர் கொண்ட எல்லாவற்றுக்கும் பொருத்திவிட முடியாது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில் நுண்ணுயிரி எண்ணிக்கை 9ஆம் நாளுக்கும் 12ஆம் நாளுக்கும் இடையில்தான் உச்சத்தில் இருந்தது. உழவர்கள் பெரும்பாலும் அதற்கு வெகு முன்னரே ஊற்றிவிடுகிறார்கள். எனவே உங்கள் ஆய்வேட்டில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள்.

மாதிரி எடுப்பதில் நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். கலக்காமல் மேலிருந்த தெளிவான நீரில் 1 மில்லி எடுத்து, 9 மில்லி கிருமி நீக்கிய நீரில் விட்டு, படிப்படியாக நீர்த்துத் தட்டில் பரப்பினேன். ஒரே பீப்பாயிலிருந்து காலையில் ஒரு எண்ணிக்கையும் மாலையில் அதன் பல மடங்கும் வந்தன. பாக்டீரியாக்களில் பெரும் பங்கு சாண நாரில் ஒட்டிக்கொண்டு அடியில் கிடக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. நன்கு கலக்கி, நார் மிதக்கும் நிலையிலேயே 10 மில்லியாக எடுத்து, முதல் நீர்த்தலைக் குடுவையில் கால் மணி நேரம் குலுக்கிச் செய்ய வேண்டும். பிப்பெட்டின் நுனி சிறிதாக இருந்தால் நார் அடைத்துக்கொண்டு, 1 மில்லி என்று நினைத்தது முக்கால் மில்லியாகிவிடும். முதல் படிக்கு மட்டுமாவது நுனி அகன்ற பிப்பெட்டைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது பெயர் சூட்டும் சிக்கல். தழைச்சத்தை நிலைநிறுத்துபவை, மணிச்சத்தைக் கரைப்பவை என்று கட்டுரைகளில் காணும் அட்டவணைகள் பெரும்பாலும் தனித்தனி ஊடகங்களில் முளைத்த காலனிகளின் எண்ணிக்கையே. தழைச்சத்து சேர்க்காத ஆஷ்பி ஊடகத்தில் வளர்ந்தவையெல்லாம் தழைச்சத்தை நிலைநிறுத்துவதாகப் பொருளில்லை. அகாரில் உள்ள துளி அளவு தழைச்சத்தையும் காற்றில் கலந்திருக்கும் அம்மோனியாவையும் சுரண்டி மெல்லிய படலமாக வளரும் பாக்டீரியாக்கள் பல உண்டு. ஒரு காலனியைப் புதிய தட்டுக்கு மூன்று நான்கு முறை மாற்றியும் அது தளராமல் வளர்கிறதா என்று பார்த்து, பின் அசெட்டிலீன் ஒடுக்கச் சோதனையில் உறுதிசெய்த பிறகே அதற்கு அந்தப் பெயரை வைக்கலாம். பிகோவ்ஸ்கயா ஊடகத்தில் காலனியைச் சுற்றித் தெளிவான வளையம் வந்தால், அது விடும் அமிலம் கால்சியம் பாஸ்பேட்டைக் கரைக்கிறது என்பது மட்டுமே தெரிகிறது. சுண்ணாம்பு மிகுந்த கரிசல் மண்ணில் அந்த அமிலத்தை மண்ணே நடுநிலையாக்கிவிடும். தட்டில் தெரிந்த வளையத்தைப் பயிருக்குக் கிடைத்த மணிச்சத்தாகப் பேசக் கூடாது.

இனி அளவுக்கு வருவோம். தேர்வில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்ட முடிந்தால் பாதிக் கேள்விகள் அடங்கிவிடும். கரைசலில் மில்லிக்கு 10 கோடி பாக்டீரியா என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 200 லிட்டர் என்பது 2 லட்சம் மில்லி. மொத்தம் 20 லட்சம் கோடி உயிரிகள். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4000 சதுர மீட்டர். அதன் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 800 டன், அதாவது 80 கோடி கிராம். கிராமுக்கு 10 கோடி என்று நடுத்தரமாக எடுத்தாலும் அந்த மண்ணில் முன்பே 80,000 லட்சம் கோடி உயிரிகள் இருக்கின்றன. முன்பே குடியிருக்கும் 4000 பேருக்கு நடுவே ஒருவரை அனுப்புகிறோம். அந்த ஒருவரும் குடலின் வெப்பத்துக்கும் பீப்பாயின் சர்க்கரைக்கும் பழகியவர். ஆகவே எண்ணிக்கையைக் கூட்டுவதால் மண் மாறுகிறது என்ற விளக்கம் நிற்காது. வேர் முளைக்கும் இடத்திலேயே செறிவாக வைத்தால் நிலைமை வேறு. விதை நேர்த்திக்கான பீஜாமிர்தத்தைப் பற்றிய ஆய்வுகளில் அதிலிருந்து பிரித்த பாக்டீரியாக்கள் வளர்ச்சி ஊக்கிகளைச் சுரப்பதும், நாற்று வீரியம் கூடியதும் பதிவாகியிருப்பது இதனால் எனக்கு வியப்பளிக்கவில்லை.

சத்துக் கணக்கும் இதே போலத்தான். 10 கிலோ ஈரச் சாணத்தில் சுமார் 40 கிராம் தழைச்சத்து, 10 லிட்டர் கோமியத்தில் 80 முதல் 100 கிராம், 2 கிலோ பயறு மாவில் சுமார் 70 கிராம். எல்லாம் சேர்த்து ஒரு பீப்பாய்க்கு ஏறத்தாழ 200 கிராம். அம்மோனியாவாக ஆவியாகிப் போவதைக் கழிக்காமலே, 15 நாளுக்கு ஒருமுறை வீதம் ஏழு முறை ஊற்றினால் 1.4 கிலோ. தமிழ்நாட்டில் நெல்லுக்கான பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ. மீதியை மண்ணின் மக்கும் பொருளும், பசுந்தாளும், பயறு வகை ஊடுபயிரும், தொழுவுரமும் தர வேண்டும். நேச்சர் சஸ்டைனபிலிட்டி இதழில் 2020இல் வந்த கணிப்பு, பாலேக்கரின் இயற்கை வேளாண் முறை முழுவதும் சேர்ந்தே கிடைக்கக்கூடிய தழைச்சத்து, நாட்டின் சராசரி உரப் பயன்பாட்டில் உள்ள தழைச்சத்தில் அதிகபட்சம் 52 முதல் 80 சதவீதம் என்றது. முன்பே உரம் குறைவாக இடும் சிறு உழவர்களுக்கு விளைச்சல் குறையாமல் போகலாம். நிறைய இடுபவர்களுக்கு இழப்பு வரலாம் என்பது அதன் உட்பொருள்.

அப்படியானால் வயலில் நல்ல பலன் கண்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. ஆந்திராவில் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உழவர்களோடு சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட வயல் ஆய்வில் இயற்கை வேளாண் பாத்திகளின் விளைச்சல் உண்மையிலேயே கூடியது. ஆனால் காரணமாக அவர்கள் முதன்மையாகச் சுட்டியது மூடாக்கை. மூடாக்கின் அடியில் மண் குளிர்ந்தது, ஈரம் தங்கியது, மண்புழு பெருகியது. ஜீவாமிர்தம், மூடாக்கு, ஊடுபயிர் மூன்றையும் ஒன்றாகச் செய்துவிட்டுப் பலனை ஜீவாமிர்தத்தின் பேரில் எழுதும் ஆய்வுகளைப் படிக்கும்போது இந்தப் பிரிவினையைத் தேடிப் பாருங்கள். மூடாக்கு இல்லாமல் ஜீவாமிர்தம் மட்டும் தந்த பாத்தி ஒன்று அதில் இல்லையென்றால் அந்த முடிவை எச்சரிக்கையோடுதான் மேற்கோள் காட்ட வேண்டும்.

என் ஆய்வில் இருந்திருக்க வேண்டியதும் இதே ஒழுங்குதான். தண்ணீர் மட்டும் ஒரு தொட்டி. உயிருள்ள ஜீவாமிர்தம் ஒன்று. அதே பீப்பாயிலிருந்து எடுத்து ஆட்டோகிளேவில் கிருமி நீக்கி ஆறவைத்த ஜீவாமிர்தம் ஒன்று. அதே அளவு வெல்லமும் மாவும் மட்டும் கரைத்த நீர் ஒன்று. உயிருள்ளதும் கிருமி நீக்கியதும் ஒரே மாதிரி வளர்த்தால் பலன் சத்திலிருந்து வந்தது. வெல்ல நீரே அதே பலனைத் தந்தால், மண்ணில் முன்பே இருந்த உயிரிகளுக்கு நாம் தீனி போட்டிருக்கிறோம். உயிருள்ளது மட்டும் முந்தினால்தான் நுண்ணுயிரி என்ற சொல்லை முடிவுரையில் எழுதலாம். கிருமி நீக்கும்போது அம்மோனியாவில் கொஞ்சம் போய்விடும். ஆகவே முன்னும் பின்னும் தழைச்சத்தை அளந்து, குறைந்ததை ஈடுசெய்யுங்கள். நான்கு தொட்டிகளையும் ஐந்தாறு முறை மீள்படுத்துங்கள்.

எவரும் கேட்காவிட்டாலும் ஒரு தட்டை உங்கள் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். ஈஎம்பி அகாரில் கரைசலைப் பரப்பி 37 டிகிரியில் ஒரு நாள் வைத்தால், பொன்வண்டின் முதுகு போலப் பச்சை உலோக மினுமினுப்போடு எழும் காலனிகள் பெரும்பாலும் ஈ.கோலை. என் தட்டிலும் அவை எழுந்தன. அன்று அதை ஆய்வேட்டில் ஒரு வரியில் கடந்துவிட்டேன். மட்கு உரச் சாற்றில் கரும்புப் பாகு சேர்த்தால் ஈ.கோலையும் சால்மொனெல்லாவும் மீண்டும் பெருகுகின்றன என்பது அமெரிக்க ஆய்வுகளில் பல முறை காட்டப்பட்டுள்ளது. வெல்லம் வேதியியலில் அதற்கு வெகு அருகில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் அங்கக வேளாண் விதிகள், மட்காத சாணத்தை இட்டபின் மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு 120 நாளும், தொடாததற்கு 90 நாளும் கழித்தே அறுவடை செய்யச் சொல்கின்றன. நெல்லுக்கும் கரும்புக்கும் வேரில் விடுவது ஒரு நிலைமை. கொத்தமல்லி, கீரை, வெள்ளரி போல அப்படியேயோ லேசாக வதக்கியோ உண்பவற்றின் இலையில் இரண்டு நாள் வயதான கரைசலைத் தெளித்து மறுவாரம் பறிப்பது வேறு நிலைமை. உங்கள் பரிந்துரைப் பகுதியில் எந்தப் பயிருக்கு, எந்த வழியில், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு வரை என்ற மூன்றையும் எழுதாமல் ஆய்வேட்டைக் கையெழுத்துக்கு அனுப்பாதீர்கள்.