ஓவர்ஹெட் பகிர்வுக் கேள்வி: வகுக்கும் எண்ணை முதலில் எழுதுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் கரையேறிவிட்டது. கரையேற்றியது ஓவர்ஹெட் பகிர்வுக் கேள்விதான். அந்தக் கேள்வியைச் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். மார்க் போவதும் அங்கேதான், அதுவும் கூட்டல் கழித்தலில் இல்லை. வாடகையை எதால் வகுப்பது, மின்கட்டணத்தை எதால் வகுப்பது என்பதில் போகிறது. இது முழுக்க அதைப் பற்றியது. அட்டவணை எப்படிப் போடுவது, எது நேரடிச் செலவு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், தாண்டிப் போகிறேன்.

ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம். நான்கு பிரிவுகள்: எந்திரப் பிரிவு, அசெம்பிளி, பராமரிப்பு, ஸ்டோர்ஸ். முதல் இரண்டும் உற்பத்தி, பின் இரண்டும் சேவை. மாத வாடகை 1,20,000. மின்கட்டணம் 90,000. பகிர வேண்டியது மொத்தம் 2,10,000.

வாடகைக்கு அடிப்படை பரப்பளவு. இது வரைக்கும் யாரும் தப்புவதில்லை. கேள்வியில் கொடுத்திருப்பது இப்படி: கட்டடத்தின் மொத்தப் பரப்பு 5,000 சதுர அடி, எந்திரப் பிரிவு 2,000, அசெம்பிளி 1,500, பராமரிப்பு 300, ஸ்டோர்ஸ் 1,000. கூட்டினால் 4,800தான் வரும். மீதி 200 சதுர அடி நடைபாதை. அது யாருடைய பிரிவும் இல்லை.

கை தானாக 5,000ஐ எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் கேள்வித்தாளில் "மொத்தப் பரப்பு" என்று அச்சடித்திருப்பது அதுதான். 1,20,000ஐ 5,000ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 24. நான்கு பிரிவுகளுக்கும் 24 வீதம் போட்டால் 1,15,200தான் பகிரப்படும். 4,800 அந்தரத்தில் நிற்கும். நடைபாதை எந்தப் பொருளையும் தயாரிப்பதில்லை, அதனால் அதன் வாடகையை எந்தப் பொருளின் விலையிலும் ஏற்ற வழியில்லை. அதைப் பயன்படுத்தும் பிரிவுகள்தான் சுமக்க வேண்டும். எனவே வகுக்கும் எண் 4,800, வீதம் 25. எந்திரப் பிரிவுக்கு 50,000, அசெம்பிளிக்கு 37,500, பராமரிப்புக்கு 7,500, ஸ்டோர்ஸுக்கு 25,000. கூட்டினால் 1,20,000 சரியாக வந்து உட்காரும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு செலவு வரியிலும் தொகையை எழுதும் முன் வகுக்கும் எண்ணை எழுதுங்கள். அந்த எண், பங்கு வாங்கும் பிரிவுகளின் எண்களைக் கூட்டி நீங்களே வரவழைத்ததாக இருக்கட்டும். கேள்வியில் அச்சிட்ட மொத்தத்தை நம்பாதீர்கள். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகவில்லை என்றால் கேள்வி கேட்டவர் அங்கே எதையோ ஒளித்து வைத்திருக்கிறார். நடைபாதை, காலி அறை, அல்லது கணக்கிலேயே வராத நிர்வாக அலுவலகம். கடைசியாகச் சொன்னது வந்தால் மட்டும் நிலைமை மாறும். அலுவலகமும் அந்தக் கட்டடத்தில் இடம் எடுத்துக்கொண்டிருந்தால் அதற்கும் ஒரு பங்கு போக வேண்டும். அதன் பரப்பை வகுக்கும் எண்ணில் சேர்த்து, அதன் பங்கைத் தொழிற்சாலை ஓவர்ஹெட்டிலிருந்து வெளியே எடுத்து நிர்வாகச் செலவில் வையுங்கள். நடைபாதையைப் போல மற்றவர் தலையில் கட்டக் கூடாது.

மின்கட்டணத்துக்கு வருவோம். இதை ஒரே அடிப்படையில் பகிர்வது பாதி விடைத்தாள்களில் நடக்கும் விஷயம். பில் ஒன்றுதான், ஆனால் அதற்குள் இரண்டு செலவுகள் இருக்கின்றன: விளக்கு ஒன்று, எந்திரம் ஓட்டும் மின்சக்தி ஒன்று. இரண்டும் வேறு வேறு காரணத்தால் ஏறுகின்றன, அதனால் அடிப்படையும் வேறு. நம் கணக்கில் விளக்குக்கு 18,000, மின்சக்திக்கு 72,000 என்று தனி மீட்டர் காட்டுகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மீட்டர் இருந்தால் வேறு எந்த அடிப்படையும் தேவையில்லை. மீட்டர் காட்டும் யூனிட்தான் மிக நியாயமான அளவு. கேள்வியில் யூனிட் கொடுத்திருந்தும் பரப்பளவுப்படி பகிர்ந்தால் மார்க் போவது நிச்சயம்.

விளக்குக்கு விளக்குப் புள்ளிகளின் எண்ணிக்கை: 40, 50, 10, 20. மொத்தம் 120, புள்ளிக்கு 150. பங்குகள் முறையே 6,000, 7,500, 1,500, 3,000. எல்லா விளக்கும் ஒரே நேரம் எரிகிறது என்பது இதன் அடியில் இருக்கும் ஊகம். ஒரு பிரிவு மட்டும் இரவு ஷிஃப்ட் ஓடுகிறது என்று கேள்வி சொன்னால் புள்ளியை மணி நேரத்தால் பெருக்கியாக வேண்டும்.

மின்சக்தியில்தான் பெரிய தொகை. எந்திரங்களின் குதிரைத்திறன்: எந்திரப் பிரிவு 60, அசெம்பிளி 30, பராமரிப்பு 15, ஸ்டோர்ஸில் எந்திரமே இல்லை. அதே அட்டவணையின் கீழே ஒரு வரி கிடக்கும்: மாதத்தில் எந்திரங்கள் ஓடிய நேரம் 200 மணி, 150 மணி, 100 மணி. பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. குதிரைத்திறன் மட்டும் வைத்தால் வகுக்கும் எண் 105, எந்திரப் பிரிவின் பங்கு 41,143. ஆனால் சும்மா நிற்கும் மோட்டார் மின்சாரம் இழுக்காது. திறனை நேரத்தால் பெருக்கினால் 12,000, 4,500, 1,500. மொத்தம் 18,000, அலகுக்கு 4. எந்திரப் பிரிவுக்கு 48,000, அசெம்பிளிக்கு 18,000, பராமரிப்புக்கு 6,000, ஸ்டோர்ஸுக்குச் சுழி. ஒரு வரியைப் படிக்காமல் விட்டதால் எந்திரப் பிரிவின் செலவு 6,857 குறைந்து காட்டியிருக்கும். அந்தச் சுமை மற்ற இரண்டு பிரிவுகளின் தலையில் விழுந்திருக்கும்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பில்லில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலையான கட்டணம் தனியாகக் காட்டப்பட்டிருந்தால், அந்தப் பகுதிக்குக் குதிரைத்திறன் மட்டுமே பொருத்தம். அந்தக் கட்டணத்துக்குக் காரணம் இணைத்து வைத்திருக்கும் திறன், ஓட்டிய நேரம் அல்ல. இதைப் புரிந்துகொண்டால் மனப்பாட அட்டவணை தேவைப்படாது. ஒவ்வொரு வரியிலும் "இந்தச் செலவை ஏற்றியது எது" என்று கேட்டால் போதும்.

இப்போது பிரிவு வாரியாகக் கூட்டுங்கள்:

- எந்திரப் பிரிவு: 50,000 + 6,000 + 48,000 = 1,04,000
- அசெம்பிளி: 37,500 + 7,500 + 18,000 = 63,000
- பராமரிப்பு: 7,500 + 1,500 + 6,000 = 15,000
- ஸ்டோர்ஸ்: 25,000 + 3,000 + 0 = 28,000

நான்கும் சேர்ந்து 2,10,000. இங்கே நின்று சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நிதானமாக எழுதுகிறவர்களுக்கான அறிவுரை இது, வேகக்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் இங்கே வரும் தப்பு அடுத்த படியில் இரண்டு பிரிவுகளுக்கும் பரவிவிடும், அப்புறம் அதைத் தேட நேரம் இருக்காது.

அடுத்த படி சேவைப் பிரிவுகளை உற்பத்திப் பிரிவுகளுக்கு மாற்றுவது. பராமரிப்பின் வேலை நேரம் எந்திரப் பிரிவுக்கு 60%, அசெம்பிளிக்கு 30%, ஸ்டோர்ஸுக்கு 10%. ஸ்டோர்ஸின் சேவை எந்திரப் பிரிவுக்கு 50%, அசெம்பிளிக்கு 30%, பராமரிப்புக்கு 20%. ஒன்றுக்கொன்று சேவை செய்வதால் சமன்பாடு போட வேண்டும். பராமரிப்பின் மொத்தச் செலவை ப என்றும் ஸ்டோர்ஸின் மொத்தச் செலவை ஸ என்றும் வையுங்கள்.

```
ப = 15,000 + 0.20 ஸ
ஸ = 28,000 + 0.10 ப
```

இரண்டாவதை முதலாவதில் இட்டால் 0.98 ப = 20,600. ப = 21,020, ஸ = 30,102. இந்த இடத்தில் பலருக்கு வியர்க்கும். இரண்டையும் கூட்டினால் 51,122 வருகிறதே, கையில் இருந்தது 43,000தானே என்று அடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். அடிக்காதீர்கள். ஒருவர் மற்றவருக்குக் கொடுத்த பங்கு இரண்டு பக்கமும் எண்ணப்பட்டிருப்பதால்தான் கூடுதலாகத் தெரிகிறது. உற்பத்திப் பிரிவுகளுக்குப் போவது ப-வில் 90%, ஸ-வில் 80%. அதாவது 18,918, 24,082. கூட்டிப் பாருங்கள், 43,000.

எந்திரப் பிரிவுக்கு 12,612, 15,051 என்று இரண்டு பங்குகள் வந்து சேர்ந்து மொத்தம் 1,31,663 ஆகும். அசெம்பிளிக்கு 6,306, 9,031 வந்து சேர்ந்து 78,337. இரண்டும் சேர்ந்து மறுபடி 2,10,000. முழு எண்ணாக்கும்போது ஒன்று இரண்டு இடித்தால், பெரிய பிரிவில் சரிக்கட்டிவிட்டுக் கீழே ஒரு வரிக் குறிப்பு எழுதிவிடுங்கள்.

தொடர் பகிர்வு முறையிலும் இதே விடை வரும், நான்கைந்து சுற்றில் மீதி தேய்ந்துவிடும். என்னைக் கேட்டால் சேவைப் பிரிவு இரண்டு என்றால் சமன்பாடு, மூன்று என்றால் தொடர் பகிர்வு.

அறிக்கையாக எழுதச் சொன்னால் அட்டவணையில் "அடிப்படை" என்று ஒரு பத்தி வைத்து, அதில் "பரப்பளவு" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். "பரப்பளவு, 20:15:3:10, நடைபாதை நீக்கி" என்று எழுதுங்கள். திருத்துபவர் தொகையில் தப்பு கண்டாலும் அடிப்படைக்கான மார்க்கைக் கொடுக்க அந்த ஒரு வரி போதும்.

கடைசி உட்பிரிவில் "இந்தப் பகிர்வு நியாயமானதா" என்று கேட்டால் விற்பனை அளவுப்படி பகிர்வதை எதிர்த்து எழுதுங்கள். அதிகம் விற்கும் பிரிவு அதிக இடத்தை எடுத்துக்கொள்வதாக அர்த்தமில்லை. அந்த முறை நன்றாகச் செயல்படும் பிரிவுக்குத் தண்டனை போடுகிறது, இடத்தை வீணாக்கும் பிரிவைக் காப்பாற்றுகிறது. அதோடு ஒரு எல்லையையும் சொல்லுங்கள். ஸ்டோர்ஸை மூடினால் வாடகையில் 25,000 மிச்சமாகும் என்று இந்த அறிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. கட்டட உரிமையாளருக்கு 1,20,000 அப்படியே போகும், சதுர அடி வீதம் 25லிருந்து ஏறத்தாழ 31.58 ஆகி மற்ற மூன்று பிரிவுகளின் மேல் ஏறும். பகிர்ந்த தொகை பொருளின் அடக்க விலையைக் காண உதவும். ஒரு பிரிவை வைத்திருப்பதா மூடுவதா என்று முடிவெடுக்க, மூடினால் உண்மையில் நின்றுபோகும் செலவுகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். நம் கணக்கில் ஸ்டோர்ஸின் 28,000த்தில் அப்படி நிற்கக்கூடியது விளக்குக்கான 3,000த்துக்குள்தான் இருக்கும்.