கையை நீட்டினால் நிற்க மாட்டார்கள்

முதல் டிரைவிங் டெஸ்டில் என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு இடது திருப்பம். இங்கே வண்டிகள் வலப்பக்கமாக ஓடுகின்றன, அதனால் இடது பக்கம் திரும்பும்போதுதான் எதிரே வருகிற வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டும். பச்சை விழுந்தது, இரண்டு கார்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் தெரிந்தது, திருப்பிவிட்டேன். யாரும் மோதவில்லை, ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவர், "எதிரே வந்தவர் உங்களுக்காக பிரேக் போட்டார்" என்று எழுதிக்கொண்டார். அதற்குத்தானே பிரேக் என்று நாக்கு நுனிவரை வந்தது!

நம்மூரில் பத்து வருஷம் ஓட்டியவனுக்கு இது பெரிய அவமானம். அங்கே இடைவெளிக்காக யார் காத்திருந்தார்கள்? மூக்கை நுழைத்து, ஜன்னல் வழியே கையை நீட்டி, இடத்தை நாமே உண்டாக்கிக்கொள்வோம். இங்கே வழிவிடுவது என்றால், எதிரே வருகிறவர் நமக்காக வேகத்தைக் குறைக்கவோ ஒதுங்கவோ வேண்டியிருக்கக் கூடாது. அம்புக்குறி இல்லாத வட்டப் பச்சை நமக்கு மட்டுமில்லை, அவருக்கும்தான் பச்சை, முன்னுரிமை அவருக்கு.

அப்புறம் சொல்லிக்கொடுத்தவர் தூரத்தைப் பார்க்காதே, நேரத்தை எண்ணு என்றார். நேருக்கு நேர் வருகிற வண்டி கிட்டே வரும்வரை பெரிதாகவே தெரியாது, பைக் என்றால் இன்னும் மோசம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு நொடிக்கு சுமார் 17 மீட்டர் வந்துவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பி இரண்டு லேன்களைக் கடக்க எனக்கு ஐந்து நொடி பிடிக்கிறது. ஆறு நொடி வேண்டும் என்று வைத்தால் நூறு மீட்டர். நான் அன்று நம்பிப் போனது அதில் பாதிகூட இருக்காது. இப்போது தூரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தைக் குறித்துக்கொண்டு, அதைத் தாண்டிய கார் என்னிடம் வர எத்தனை நொடி என்று எண்ணிப் பார்க்கிறேன்.

காத்திருக்கும்போது சக்கரம் நேராக இருக்க வேண்டும். முன்கூட்டியே ஒடித்து வைத்தால், பின்னால் ஒருவர் இடித்ததும் எதிர் லேனில் போய் விழுவோம். திரும்பப் போகிற சாலையை யாராவது நடந்து கடக்கிறார்களா என்பதையும் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்காகப் பாதியில் நின்று எதிர் லேனை அடைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். எதிரே ஒரு வேன் திரும்ப நின்று மறைத்தால், அதன் பின்னால் வருகிற லேன் தெரியும்வரை நகரவே கூடாது. நல்ல மனிதர் ஒருவர் 'நீ போ' என்று கையசைத்தாலும் சரி, அவர் பக்கத்து லேனில் வருகிறவருக்கு அவர் எப்படிப் பொறுப்பேற்பார்?

இரண்டாவது டெஸ்டில் பாஸ். இப்போதெல்லாம் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். போன வாரம்கூட, பொறுமையாக எண்ணிக்கொண்டு நின்றவன், ஒரு இடைவெளியைப் பார்த்ததும் வலது கையை ஜன்னல் பக்கம் நீட்டிவிட்டேன். இங்கே அந்தப் பக்கம் ஜன்னல் எங்கே இருக்கிறது, மனைவிதான் இருந்தாள். "என்னங்க தேடுறீங்க?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.