இருவருக்கும் 222 ரூபாய்: வட்டி பிரித்ததில் நான் செய்த பிழை

எங்கள் மகளிர் குழு சென்ற ஆண்டு ஏப்ரலில்தான் தொடங்கியது. ஊக்குநர் என்ற முறையில் ஆண்டு முடிவில் வட்டியைப் பிரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்காகப் பேருந்து ஏறி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவரோ, பேரேட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், "சேமிப்புக்குத் தக்கபடி பிரித்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது முதல் சறுக்கல் நேர்ந்தது. இன்னும் வசூலாகாத உள்கடன் வட்டி 450 ரூபாயையும் வரவாகக் கூட்டியிருந்தேன். பெட்டியில் பணம் குறைந்த பிறகுதான் அது தெரிந்தது. கைக்கு வந்த வட்டி 2,700 ரூபாய். நோட்டு, பயணச் செலவு 369 போக, பிரிக்க இருந்தது 2,331 மட்டுமே.

அதை மொத்தச் சேமிப்பான 25,200 ரூபாய்க்கு விகிதப்படி பிரித்தேன். மாதம் 200 கட்டியவருக்கு 222 ரூபாய் வந்தது. அக்டோபரில் சேர்ந்து மாதம் 400 கட்டியவருக்கும் 222 தான், ஏனெனில் இருவரின் சேமிப்பும் 2,400. கூட்டத்தில் தொகையை வாசித்ததும் ஓர் அக்கா, "நான் ஏப்ரலிலிருந்து கட்டுகிறேன், அந்தத் தங்கச்சி ஆறு மாதம்தான் கட்டினாள், இருவருக்கும் ஒரே வட்டியா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பணத்தின் அளவோடு, அது எத்தனை மாதம் குழுவில் இருந்தது என்பதையும் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொருவரின் மாத இறுதி இருப்பையும் சேமிப்புப் பேரேட்டிலிருந்து எடுத்து, பன்னிரண்டு மாதத்தையும் கூட்டினேன். அந்த அக்காவின் இருப்பு 200, 400, 600 என்று ஏறி 2,400 வரை போவதால் கூட்டு 15,600 ஆனது; அக்டோபரில் சேர்ந்தவருக்கு 400 முதல் 2,400 வரை ஆறு மாதமே என்பதால் 8,400 தான் வந்தது. பன்னிரண்டு பேரின் கூட்டு 1,55,400. வட்டியை இதனால் வகுத்தால் ரூபாய்க்கு ஒன்றரைக் காசு. எனவே அக்காவுக்கு 234, அக்டோபரில் சேர்ந்தவருக்கு 126, மாதம் 100 கட்டிய மூவருக்குத் தலா 117.

மிகவும் சங்கடப்படுத்தியது இன்னொருவர் கணக்கு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தவணைகளைச் செப்டம்பரில் மொத்தமாகக் கட்டியிருந்தார். பாஸ்புக்கில் அவற்றை அந்தந்த மாதத்திலேயே கட்டியதாக நான் எழுதியிருந்தேன். நல்லவேளையாக, ரொக்கப் புத்தகத்தில் தேதி சரியாக இருந்தது. அந்த மூன்று மாதமும் இருப்பு 400 ஆகவே நின்றதால் அவரது கூட்டு 14,400 ஆகி, பங்கு 216 ஆனது. முகம் சுருங்கினாலும் தேதியைப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆண்டு இந்தச் சேமிப்பே தொடக்க இருப்பாக நின்று, பன்னிரண்டு மாத இருப்பிலும் சேர்ந்து வரும் என்பதால், பிரிக்கும் முறையை ஏப்ரல் கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதி அனைவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன்.