குப்பிக் கணக்கும் செலவுக் கணக்கும்: கடலோர வார்டு ஒன்றில்

ராமநாதபுரம் கடலோரத்தில் காலில் மீன் முள் குத்திச் சீழ் வைத்து வார்டில் சேர்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசியைத்தான் மருந்துப் பயன்பாட்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோம்.

உலக சுகாதார நிறுவனம் மருந்துகளுக்கு, பெரியவர் ஒருவருக்கான சராசரி நாள் அளவு ஒன்றை வைத்திருக்கிறது. டிடிடி என்போம். இந்த ஊசிக்கு அது 2 கிராம். கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரி: 30 நாளில் 1 கிராம் குப்பி 624 வார்டுக்குப் போனது, 48 திரும்பி வந்தது. மிச்சம் 576 கிராம், அதாவது 288 டிடிடி. அந்த மாதம் நோயாளிகள் படுத்திருந்த நாட்கள் மொத்தம் 1440. ஆக, 100 படுக்கை நாளுக்கு 20 டிடிடி.

இதில் தவறு வருவது பெரும்பாலும் வகுக்கும் எண்ணில். 60 கட்டிலை 30 நாளால் பெருக்கி 1800 என்று போட்டால் விடை 16 ஆகிவிடும். காலிக் கட்டில் ஊசி போட்டுக்கொள்வதில்லை. இரவுக் கணக்கெடுப்புப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். குழந்தைகள் வார்டை இதில் சேர்க்கவே கூடாது, டிடிடி பெரியவர்களுக்கானது. இன்னொன்று, டிடிடி என்பது அளவுகோல்தான், மருத்துவர் எழுத வேண்டிய அளவு அல்ல. தினம் 1 கிராம் மட்டும் போடும் வார்டில் 20 டிடிடி வந்தால், உண்மையில் 40 நாள் சிகிச்சை நடந்திருக்கிறது. அதனால் கேஸ் ஷீட்டையும் புரட்டாமல் முடிவு எழுதாதீர்கள்.

அடுத்தது செலவுக்கேற்ற பலன். கடல்நீர் பட்ட புண்ணுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லியும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. இதுவும் மாதிரி எண்தான்: ஊசி மட்டும் என்றால் ஆளுக்கு 1200 ரூபாய், 100 பேரில் 80 பேருக்கு ஒரு வாரத்தில் புண் அடங்குகிறது. சேர்த்துக் கொடுத்தால் 1280 ரூபாய், 84 பேர். பல மாணவர்கள் 1200-ஐ 0.80-ஆலும் 1280-ஐ 0.84-ஆலும் வகுத்து, 1500, 1524 என்று எடுத்து, வித்தியாசம் 24 ரூபாய்தானே என்று எழுதிவிடுகிறார்கள். கேள்வி அதுவல்ல. கூடுதல் செலவு 80 ரூபாய், கூடுதல் பலன் 0.04. கூடுதலாகக் குணமாகும் ஒவ்வொருவருக்கும் 2000 ரூபாய் ஆகிறது. அது தகுமா என்பதைத்தான் மருத்துவமனை முடிவு செய்ய வேண்டும்.

மருந்து விலைக்கு அட்டையில் அச்சிட்ட விலையை எடுக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குக் கொள்முதல் விலைதான் செலவு. சிரிஞ்சு, கலக்கும் நீர், கான்யுலா எல்லாம் அதோடு சேரும்.

நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் கூலி இழப்பும் வரும். இங்கேதான் எங்கள் கணக்கு முதலில் இடறியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரருக்கு அப்போது கடல் கூலியே இல்லை. நாட்டுப்படகு வழக்கம்போல் போகும். சேர்ந்த தேதியோடு எந்தப் படகு என்பதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் போட்ட பிறகுதான் கூலி இழப்புக் கணக்கு சரியாக நிரம்பியது.