வேளச்சேரி அட்வான்ஸும் 12 இலக்க எண்ணும்

வேளச்சேரியில் வாடகை வீடு. படம் பார்த்தே மயங்கிவிட்டோம். ஓனர் வெளியூருக்கு மாற்றலாகிப் போனவராம், முன்பணம் போட்டால்தான் சாவியாம். சனிக்கிழமை 11.10க்கு 20,000, 11.25க்கு 15,000 அனுப்பினேன். 12 மணிக்கு நேரில் போனால் வாட்ச்மேன், "இந்த வீடு வாடகைக்கே இல்ல சார், காலையில இருந்து நீங்க மூணாவது ஆளு" என்றார்.

பணம் வாங்கிய ஆளுக்கே போன் போட்டுத் திட்டத்தான் கை போனது. மனைவி தடுத்தாள். "நமக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சா இன்னும் வேகமா பணத்தை எடுத்துடுவான். முதல்ல 1930க்குப் போடுங்க."

1930 சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். லைன் கிடைக்க ஆறேழு தடவை அடிக்க வேண்டியிருந்தது. நான் அடித்துக்கொண்டிருக்க, அவள் என் டெபிட் கார்டின் பின்பக்கம் இருந்த எண்ணில் வங்கியைக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கினாள். வங்கி எண்ணை இணையத்தில் தேடக்கூடாது. போலி எண்கள் அங்கே நிறைய உண்டு.

1930இல் பேசிய பெண் என் கணக்கு எண், அனுப்பிய நேரம், தொகை, பெற்றவரின் யு.பி.ஐ. ஐடி எல்லாம் கேட்டுவிட்டு பரிவர்த்தனை எண் கேட்டார். நான் PhonePeயில் T என்று தொடங்கும் எண்ணை வாசித்தேன். "அது ஆப்போட எண் சார். UTR என்று 12 இலக்கம் இருக்கும் பாருங்க." அதைத் தேடி எடுக்கப் பத்து நிமிடம் போனது. Google Payயில் அதே எண் UPI transaction ID என்ற பெயரில் இருக்கும். பணம் போன ஒவ்வொரு வங்கிக்கும் இந்த எண்ணை வைத்துத்தான் தகவல் போகிறது. இரண்டு முறை அனுப்பியிருந்தால் எண்ணும் இரண்டு, இரண்டையும் சொல்ல வேண்டும்.

12.50க்குப் பதிவு எண் குறுஞ்செய்தியாக வந்தது. அதை வைத்து cybercrime.gov.inஇல் முழுப் புகாரும் ஸ்க்ரீன்ஷாட்டும் ஏற்றினேன். கோபத்தில் வாட்ஸாப் உரையாடலை அழிக்கப் போனேன், நல்லவேளை அழிக்கவில்லை. அவன் எந்தத் திரைப் பகிர்வு ஆப்பும் போடச் சொல்லவில்லை. போட்டிருந்தால் முதல் வேலையாகப் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வேறொரு போனிலிருந்துதான் இதெல்லாம் செய்திருக்க வேண்டும்.

நான் அனுப்பிய இரண்டு தொகையும் வேறுவேறு கணக்குக்குப் போயிருந்தன. 20,000 அங்கிருந்து மூன்றாவது கணக்குக்குத் தாவி, ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டுவிட்டது. 15,000 முதலில் போன கணக்கிலேயே இருந்ததால் வங்கி அதை முடக்கி வைத்தது. முடக்கினால் உடனே நமக்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். என் விஷயத்தில் நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது. காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் நடந்து, நாலு மாதம் கழித்துத்தான் 15,000 கணக்கில் ஏறியது.

நடுவில் ஒருவன் சைபர் போலீஸ் என்று சொல்லிக் கூப்பிட்டான். 20,000த்தையும் மீட்டுத் தருவானாம், 1,500 கட்டணமாம். அவனுடைய எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிட்டேன்.